புதிய பிரேக் பேடுகளைப் படியவைத்தல்

பிரேக் பேடுகளைப் படியவைத்தல் என்பது, வாகனத்தில் புதிதாக மாட்டிய பிரேக் பேடுகளையும் அவை உரசும் டிஸ்க்கையும் அளவான வெப்பத்தில் பலமுறை உரசச் செய்து, ஒன்றுக்கொன்று பொருந்த வைக்கும் செயல்முறை ஆகும். தமிழில் "படிதல்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, ஒரு பொருள் இன்னொன்றோடு பொருந்தி அமர்வது. மற்றொன்று, தூசியோ கறையோ மெல்லிய படலமாக ஒட்டுவது. புதிய பேடுகளில் இந்த இரண்டுமே நடக்கின்றன. பட்டறைகளில் "பேட் இன்னும் செட் ஆகல" என்று சொல்வது பெரும்பாலும் முதல் பொருளை மட்டுமே குறிக்கிறது. பிரேக்கின் பிடிப்பைத் தீர்மானிப்பதில் இரண்டாவதற்கும் அதே அளவு பங்கு உண்டு.

பேடு மாற்றியதும் நல்ல வேகத்தில் சென்று பிரேக்கை அழுத்தி மிதித்து "பிடிக்கிறதா" என்று பார்ப்பது பரவலான பழக்கம். பேடும் டிஸ்க்கும் பொருந்துவதற்கு முன்பே அவற்றுக்கு உச்ச வெப்பத்தைக் கொடுத்துவிடுவதால், சோதனை என்று நினைத்துச் செய்வதே பிரேக்கின் பிடிப்பைக் கெடுத்துவிடக்கூடும். சமவெளியில் இது பெரும்பாலும் சத்தமும் அதிர்வுமாக முடிகிறது. மலைப்பாதையில் அப்படி முடியும் என்று சொல்ல முடியாது. அன்னூர் போன்ற ஊரில் இது கவனத்துக்கு உரியது. கோயம்புத்தூர் - சத்தியமங்கலம் சாலையும் அவிநாசி - மேட்டுப்பாளையம் சாலையும் குறுக்கிடும் இடம் அது. வடக்கே போனால் 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதை. மேற்கே போனால் மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் குன்னூர் மலைப்பாதை.

## பேடும் டிஸ்க்கும் சேரும் விதம்

பிரேக் பேடு என்பது ஓர் இரும்புத் தகட்டின் மேல் ஒட்டப்பட்ட உராய்வுப் பொருள். அதில் இழைகள், உலோகத் துகள்கள், கிராஃபைட், அரைக்கும் தன்மையுள்ள கனிமப் பொடி எனப் பலவும் கலந்திருக்கும். இவற்றையெல்லாம் சேர்த்துப் பிடித்திருப்பது பினாலிக் வகையைச் சேர்ந்த ஒரு பிசின். தொழிற்சாலையில் இந்தக் கலவையைச் சூடான அச்சில் அழுத்தி, பிறகு அடுப்பில் வேகவைத்துப் பிசினை இறுக வைக்கிறார்கள். ஆனாலும் வண்டியில் பேடு சந்திக்கும் வெப்பம் அடுப்பின் வெப்பத்தைவிட அதிகம். அதனால் முதன்முதலில் நன்றாகச் சூடேறும்போது பேட்டின் மேற்பரப்பில் எஞ்சியிருக்கும் ஆவியாகக்கூடிய பொருள்கள் வெளியேறுகின்றன. புதிய மண்சட்டியை முதல் முறை அடுப்பில் ஏற்றும்போது நேரும் மாற்றத்தை ஒத்தது இது.

டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் நுண்ணளவில் அது மேடுபள்ளம் நிறைந்தது. பழைய டிஸ்க்காக இருந்தால், முந்தைய பேடு பல ஆயிரம் கிலோமீட்டர் தேய்த்த வட்டக் கீறல்களும் ஓரத்தில் ஒரு விளிம்பும் இருக்கும். தட்டையான புதிய பேடு இதன் மேல் அமரும்போது முழுப் பரப்பும் தொடுவதில்லை. உயர்ந்து நிற்கும் சில இடங்கள் மட்டுமே தொடுகின்றன. கீறல் விழுந்த டிஸ்க்கில் தொடும் பரப்பு இன்னும் குறைவு. பேடு அந்தக் கீறல்களுக்கு ஏற்பத் தேய்ந்து, அவற்றின் எதிர்வடிவைப் பெற்ற பிறகுதான் முழுப் பரப்பும் வேலை செய்யத் தொடங்கும்.

இது பொருந்தி அமரும் பகுதி. படலமாகப் படியும் பகுதி வேறு. பேடு டிஸ்க்கை உரசி நிறுத்துவதில் இரண்டு வகை உராய்வு இருக்கிறது. பேட்டில் உள்ள கடினத் துகள்கள் இரும்பைச் சுரண்டுவது ஒரு வகை. பேட்டின் பொருள் வெப்பத்தில் டிஸ்க்கின் மேல் மிக மெல்லிய படலமாக ஒட்டி, பிறகு பேடும் அந்தப் படலமும் ஒன்றையொன்று பற்றி விடுவது மற்றொரு வகை. சில மைக்ரான் கனமே உள்ள இந்தப் படலம் சீராக அமைந்துவிட்டால் பிரேக் மென்மையாகவும் ஒரே அளவாகவும் பிடிக்கும். டிஸ்க்கின் தேய்மானமும் குறையும். உலோகம் அதிகம் கலந்த பேடுகளில் முதல் வகையும், கரிமப் பொருள் அதிகம் உள்ளவற்றிலும் பீங்கான் வகையிலும் இரண்டாவது வகையும் மேலோங்கும். ஆனால் எந்தப் பேட்டிலும் இரண்டும் கொஞ்சமாவது இருக்கும்.

ஆகவே கடையில் வாங்கும் பேடு ஒருவகையில் முடிவுபெறாத பொருள்தான். அதன் கடைசிக் கட்ட வேலை, அதை மாட்டிய டிஸ்க்கின் மேல், சாலையில் நடக்கிறது. பேட்டின் தரம் எதுவானாலும் இந்த வேலையைத் தொழிற்சாலை முழுமையாகச் செய்து கொடுத்துவிட முடியாது. அந்த டிஸ்க் அவர்களிடம் இல்லை.

## உடனே அழுத்திப் பிடித்தால் நேர்வது

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றுகிறது. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்ளலாம். அது மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் ஆற்றல் ஏறத்தாழ 167 கிலோஜூல். 100 கி.மீ. வேகத்தில் இது 463 கிலோஜூல் ஆகிவிடும். வேகம் ஒன்றரை மடங்கைவிடச் சற்றே அதிகம் கூடியதற்கு, வெப்பம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் இதில் 70 விழுக்காடு அளவை முன் சக்கரங்களின் இரண்டு டிஸ்க்குகளும் ஏற்கின்றன.

ஐந்து கிலோ எடையுள்ள ஒரு டிஸ்க், 60 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்துவதால் சராசரியாக 23 டிகிரி செல்சியஸ் மட்டுமே சூடேறும். இது அச்சப்படும் அளவு அல்ல. ஆனால் இந்தச் சராசரி, வெப்பம் டிஸ்க் முழுவதும் பரவிய பிறகான கணக்கு. உரசும் நொடியில் வெப்பம் பிறப்பது பேடும் டிஸ்க்கும் தொடும் இடங்களில் மட்டுமே. படிந்த பேட்டில் அந்த வெப்பம் முழுப் பரப்பிலும் பகிரப்படுகிறது. புதிய பேட்டில், தொடுகின்ற சில மேடுகள் மட்டும் மொத்தத்தையும் சுமக்கின்றன. டிஸ்க்கைக் கைவைத்துத் தொட முடிகிற அளவில் இருக்கும்போதே பேட்டின் அந்த மேடுகள் கருகத் தொடங்கிவிடலாம்.

அங்கே முதலில் நேர்வது பிடிப்பு குறைதல். பிசின் 300 டிகிரியை நெருங்கும்போது சிதைந்து வாயுவை வெளியிடுகிறது. வாயு வெளியேற வழியில்லாமல் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் மெல்லிய மெத்தைபோல் நிற்கிறது. பெடல் கல்லைப்போல் கெட்டியாக இருக்கும். வண்டி மட்டும் எதிர்பார்த்த இடத்தில் நிற்காது. புதிய பேடுகளுக்கே உரிய பிடிப்பிழப்பு இது. அதே பேடு ஏற்கெனவே ஒருமுறை படிப்படியாகச் சூடேறித் தணிந்திருந்தால், மேற்பரப்பின் வாயு பெரும்பாலும் வெளியேறி முடிந்திருக்கும். சில தயாரிப்பாளர்கள் பேட்டின் முகத்தைத் தொழிற்சாலையிலேயே சுட்டெடுத்து அனுப்புவதும், பேட்டின் நடுவே ஒரு பள்ளம் விடுவதும் இந்தச் சிக்கலைக் குறைக்கத்தான்.

இதைப் பிரேக் ஆயில் கொதிப்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கும் வண்டி நிற்காது, ஆனால் பெடல் மெதுமெதுப்பாகி அடிவரை இறங்கிவிடும். ஈரப்பதம் ஏறிய டாட் 4 வகைப் பிரேக் ஆயிலுக்குத் தரவிதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். ஈரம் ஏறாத புதியதற்கு 230. பெடல் கெட்டியாக இருந்து வண்டி நிற்கவில்லை என்றால் பேட்டையும், பெடல் தளர்ந்து போனால் ஆயிலையும் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து நேர்வது பேட்டின் முகம் கண்ணாடிபோல் இறுகுவது. வெப்பத்தில் இளகிய பிசின் மேற்பரப்பில் பரவி, குளிரும்போது பளபளப்பான கெட்டி ஓடாகிவிடுகிறது. இதன் பிறகு பேடு டிஸ்க்கின் மேல் வழுக்குகிறது, கீச்சிடுகிறது. ஓட்டுநர் இன்னும் பலமாக மிதிக்கிறார். ஓடு இன்னும் இறுகுகிறது. பேடு பாதிகூடத் தேயாத நிலையில் "பேட் சரியில்லை" என்று கழற்றப்படுபவற்றில் இப்படி இறுகிப்போனவை நிறைய.

மூன்றாவது பாதிப்பு மெதுவாகத்தான் தெரியவரும். படலம் சீராகப் பரவாமல் திட்டுத் திட்டாக ஒட்டுகிறது. குறிப்பாக, வேகத்திலிருந்து அழுத்திப் பிடித்து வண்டியை முழுவதும் நிறுத்தி, பெடலிலிருந்து காலை எடுக்காமல் நின்றால், சூடான பேடு தன் அச்சை டிஸ்க்கின் ஒரே இடத்தில் பதித்துவிடும். அந்தத் திட்டு ஒவ்வொரு சுற்றிலும் பேட்டின் கீழ் வரும்போது பிடிப்பு மாறுகிறது, ஸ்டீயரிங் நடுங்குகிறது. டிஸ்க்கின் கனத்தில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒன்றிரண்டு பங்கு வேறுபாடு வந்தாலே கை உணரும். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று பட்டறையில் சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான். அமெரிக்கப் பந்தயப் பொறியாளர் கேரல் ஸ்மித், வளைந்த டிஸ்க் என்பது பெரும்பாலும் கட்டுக்கதை, உண்மையில் இருப்பது சீரற்றுப் படிந்த பேடுப் பொருளே என்று எழுதியது இத்துறையில் பலரும் எடுத்துக்காட்டும் விளக்கம். திட்டுகள் மற்ற இடங்களைவிட அதிகம் சூடேறுவதால், அதன் கீழே உள்ள இரும்பே கடினமாகிவிடுவதும் உண்டு. அந்த நிலைக்குப் போனால் டிஸ்க்கைக் கடைந்தாலும் குறை திரும்ப வரும்.

## அன்னூரிலிருந்து குன்னூருக்கு: ஒரு கணக்கு

மேலே சொன்ன 1,200 கிலோ காருக்கு அன்னூரில் மாலையில் முன் பேடுகள் மாற்றப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை குடும்பத்தோடு உதகை பயணம். அன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 20 கி.மீ.; சாலை பெரும்பாலும் சமதளம். விடியற்காலையில் போனால் பிரேக்கைத் தொடவேண்டிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதன்பிறகு ஏற்றம். ஏறும் வண்டியைப் புவியீர்ப்பே மெதுவாக்குகிறது. கொண்டை ஊசி வளைவுகளில்கூட ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும். ஆக, உதகையைச் சென்றடையும்போது வண்டி 70 கி.மீ. அளவு ஓடியிருக்கிறது, பேடு மட்டும் ஏறத்தாழப் பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே இருக்கிறது.

ஓட்டுநருக்கோ பிரேக் நன்றாக இருப்பதாகவே தோன்றும். அவர் கேட்ட சிறிய அழுத்தங்களுக்கெல்லாம் அது பதில் சொல்லியிருக்கிறது. முதல் உண்மையான சோதனை இறங்கும்போதுதான் வருகிறது. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 330 மீட்டருக்கு அருகில். இடையே சுமார் 1,500 மீட்டர் இறக்கம். இந்தக் காருக்கு அது 17,600 கிலோஜூல் ஆற்றல். மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து நூறு முறைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம்.

இது முழுவதும் பிரேக்கின் தலையில் விழுவதில்லை. இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சின் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லும் பலகைகள் மலைப்பாதையில் இருப்பதற்குக் காரணமும் இதுதான். ஆனால் நான்காம் கியரிலோ, பெட்ரோல் மிச்சமாகும் என்ற எண்ணத்தில் நியூட்ரலிலோ இறங்கினால், காற்றும் டயர்களும் எதிர்ப்பது போக மீதி எல்லாம் பேடுகளுக்குத்தான். படிந்த பேடு இதில் களைத்துப்போகும். படியாத பேடு, முதல் சில வளைவுகளிலேயே வாயு விடத் தொடங்கலாம். அந்த நேரத்தில் ஓட்டுநர் செய்வது பெடலை இன்னும் பலமாக மிதிப்பது. அது வெப்பத்தைக் கூட்டுகிறது.

"முதல் 300 கி.மீ. மெதுவாக ஓட்டுங்கள்" என்ற வழக்கமான அறிவுரையின் குறையும் இங்கே தெரிகிறது. பேடு கிலோமீட்டரை எண்ணுவதில்லை; எத்தனை முறை, எவ்வளவு வெப்பத்தில் உரசியது என்பதுதான் அதற்குக் கணக்கு. புறவழிச்சாலையில் 300 கி.மீ. ஓடிய பேடு படியாமல் இருக்கலாம். கோயம்புத்தூர் நகரப் பேருந்துக்குப் பின்னால் இரண்டு நாள் ஊர்ந்த வண்டியின் பேடு அதைவிட நன்றாகப் பொருந்தியிருக்கலாம். அந்த அறிவுரை தவறல்ல, ஆனால் மலை ஏறும் எண்ணமுள்ளவருக்கு அது போதாது.

## செய்முறை

வண்டியை நகர்த்துவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. புதிய பேடு கனமானது என்பதால், அதை மாட்டுவதற்காகக் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். அதனால் முதல் மிதியில் பெடல் எதிர்ப்பே இல்லாமல் அடிவரை போகும். நின்ற இடத்திலேயே பலமுறை மெதுவாக மிதித்து, பெடல் வழக்கமான உயரத்தில் கெட்டியாகும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. பட்டறை வாசலிலேயே வண்டி சுவரில் மோதுவதற்கு இந்த ஒரு மறதி போதும். ஆயில் டப்பாவில் அளவு உச்சக்கோட்டைத் தாண்டியிருந்தால் மிகுதியை எடுத்துவிட வேண்டும். டிஸ்க்கும் புதிதாக இருந்தால், துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் பூசியிருக்கும் எண்ணெயைப் பிரேக் கிளீனர் கொண்டு முழுவதும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் பட்ட பேடு எத்தனை முறை உரசினாலும் படியாது.

முதலில் மணிக்கு 30 கி.மீ. வேகத்திலிருந்து நான்கைந்து முறை லேசாகப் பிடித்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, சத்தம் வருகிறதா என்று பார்ப்பது நல்லது. மெக்கானிக் பட்டறைத் தெருவில் ஒருமுறை பிடித்துப் பார்ப்பதும் இந்த வேகத்தில்தான் என்றால் அதனால் கெடுதல் இல்லை. அந்த வேகத்தில் ஒரு டிஸ்க்குக்குக் கிடைக்கும் சூடு ஆறு டிகிரிக்கு மேல் போகாது. அதே சோதனையை மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செய்வதுதான் தவறு.

பிறகு, பின்னால் வண்டி வராத, நேரான, வெறிச்சோடிய சாலைக்குப் போக வேண்டும். அன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் நோக்கியோ புளியம்பட்டி நோக்கியோ அதிகாலையில் போனால் அப்படிப்பட்ட தூரம் கிடைக்கும். காலை எட்டு மணிக்கு மேல், லாரிகளும் கல்லூரிப் பேருந்துகளும் வரத் தொடங்கியபின் இதைச் செய்யக் கூடாது. 60 கி.மீ. வேகம் வரை போய், மிதமான ஒரே அழுத்தத்தில் 10 கி.மீ. அளவுக்குக் குறைக்க வேண்டும். மிதம் என்பதற்கு ஓர் அளவு: குறைக்க நான்கு நொடி எடுக்க வேண்டும், அந்த நேரத்தில் வண்டி கடக்கும் தூரம் சுமார் 40 மீட்டர். உடல் முன்னால் சாய்வது தெரியும், ஆனால் டயர் கிறீச்சிடாது, ஏ.பி.எஸ். துடிக்காது. முழுவதும் நிறுத்தாமல் காலை எடுத்துவிட்டு, மறுபடி வேகம் கூட்டி, முக்கால் நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஓடவிட்டு, மீண்டும் அதேபோல் பிடிக்க வேண்டும். இப்படி எட்டு முதல் பத்து முறை. பத்து கிலோமீட்டர் சாலை இதற்குப் போதும்.

இடைவெளி ஏன் என்று கேட்டால், வெப்பம் படியேறுவதுபோல் ஏற வேண்டும் என்பதற்காகத்தான். ஒவ்வொரு முறையும் டிஸ்க் இருபது டிகிரி கூடி, இடையில் கொஞ்சம் தணிந்து, மொத்தத்தில் மெல்ல மெல்லச் சூடேறுகிறது. பேட்டின் மேற்பரப்பு வாயுவைச் சிறுகச் சிறுக விடுகிறது. படலம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பரவுகிறது. ஏழெட்டாவது முறையில் லேசான கருகல் வாடை வரலாம். அது இயல்பு. புகை வந்தாலோ பிடிப்பு குறைவதாகத் தோன்றினாலோ, அன்றைய வேலையை அத்துடன் நிறுத்திவிட்டு ஓடவிட்டுக் குளிரவைக்க வேண்டும்.

பலர் விட்டுவிடுவது கடைசிக் கட்டத்தை. பத்தாவது முறை முடிந்ததும் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்திக் கால் பிரேக்கில் வைத்திருந்தால், அதுவரை சீராகப் பரவிய படலத்தின் மேல் பேடு தன் அச்சைக் குத்திவிடும். பத்து நிமிடமாவது பிரேக்கைக் கூடியமட்டும் தொடாமல் ஓட்டி, காற்றில் டிஸ்க்கைக் குளிரவைக்க வேண்டும். சிக்னலில் நிற்க நேர்ந்தால், நின்றதும் காலை எடுத்துவிட்டு, சமதளமானால் வண்டியை அப்படியே விடலாம், சரிவானால் கைப்பிரேக்கைப் போடலாம். பெரும்பாலான சிறிய கார்களில் கைப்பிரேக் பின் சக்கர டிரம்மைப் பிடிப்பதால் முன் டிஸ்க்குக்கு அதனால் பாதிப்பில்லை.

இதன்பின் வரும் சில நூறு கிலோமீட்டர்களில் தேவையில்லாமல் அழுத்திப் பிடிக்காமல் ஓட்டினால் பொருத்தம் நிறைவடையும். பேட்டின் பெட்டியில் தயாரிப்பாளர் வேறு வேகமோ வேறு எண்ணிக்கையோ குறித்திருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். பந்தயத்துக்கான பேடுகள் இதைவிட மிக அதிக வெப்பத்தைக் கேட்பவை; அவற்றின் முறையைச் சாலையில் செய்யக் கூடாது.

இந்தச் சில நூறு கிலோமீட்டருக்குள் மாடோ குழந்தையோ குறுக்கே வந்தால் முழுப் பலத்தோடும் மிதிக்க வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. ஒரு முறையில் பேடு கெட்டாலும் அது மாற்றக்கூடிய பொருள். மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை அழுத்தி நிறுத்துவதால் பேடு அழிந்துவிடுவதும் இல்லை. புதிய பேடு கூடுதல் தூரம் எடுக்கும் என்பதை நினைவில் வைத்து, முன்செல்லும் வண்டியிலிருந்து தள்ளிப் போவதுதான் அந்த நாள்களில் செய்யத்தக்கது.

## படிந்ததை அறிவது, படியாததைத் திருத்துவது

சக்கரத்தின் இடைவெளி வழியே டிஸ்க்கைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். நன்றாகப் படிந்த டிஸ்க்கில், பேடு உரசும் வளையம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக, சற்றே நீலம் கலந்து தெரியும். வளையத்தின் ஒரு பாதி மட்டும் மின்னி, மறுபாதி பழைய துருவோடு இருந்தால் பேடு இன்னும் முழுப் பரப்பில் தொடவில்லை. செய்முறையை மறுநாள் திரும்பச் செய்யலாம். டிஸ்க் முழுவதும் குளிர்ந்த பிறகே திரும்பச் செய்ய வேண்டும். கருநீலத் திட்டுகளோ பேடின் வடிவத்திலேயே ஒரு கறையோ தெரிந்தால் அது அதிக வெப்பத்தின் அடையாளம்.

பெடலும் சொல்லும். தொடக்கத்தில் ஒரே வேகக் குறைப்புக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டு, பத்தாவது முறைக்குள் அது குறைந்திருந்தால் வேலை நடந்திருக்கிறது. 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் பிடிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்கி, பிடிக்காதபோது நடுக்கம் இல்லை என்றால் டிஸ்க்கில் திட்டுகள் ஒட்டியிருக்கலாம். பிடிக்காதபோதும் நடுங்கினால் சக்கரச் சமநிலையையோ டயரையோ பார்க்க வேண்டும். பேட்டைக் குறை சொல்வதற்கில்லை.

திட்டு புதிதாக, லேசாக இருந்தால், மேலே சொன்ன செய்முறையையே இன்னொரு முறை செய்தால் பேடு அதை உரசி எடுத்துவிடுவது உண்டு. பளபளத்துப்போன பேட்டைக் கழற்றி, தட்டையான பரப்பின் மேல் எமரி தாளை விரித்து, அதில் பேட்டின் முகத்தை மெல்லத் தேய்த்து ஓட்டை நீக்கலாம். டிஸ்க்கையும் எமரி தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து படியவைக்க வேண்டும். தேய்க்கும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொள்வதும், தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் எடுப்பதும் அவசியம். பேட்டுத் தூசியை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. பேடு விரிசல் விட்டிருந்தாலோ, உராய்வுப் பொருள் இரும்புத் தகட்டிலிருந்து பிரிந்திருந்தாலோ, எண்ணெய் ஊறியிருந்தாலோ தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அப்போது ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றாமல் முன் இரண்டுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லையெனில் ஒரு பக்கம் படிந்த பேடும் மறுபக்கம் படியாத பேடுமாக வண்டி இழுக்கும்.

## இருசக்கர வாகனங்களும் டிரம் பிரேக்கும்

மோட்டார் சைக்கிளின் முன் டிஸ்க்குக்கும் இதே கொள்கைதான். எடை குறைவு என்பதால் வெப்பமும் குறைவு. எனவே 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை பத்துப் பதினைந்து முறை குறைத்தால் போதும். ஆனால் ஆபத்து வேறு விதமானது. புதிய பேடு தொடக்கத்தில் சரியாகப் பிடிக்காததால் ஓட்டுபவர் லீவரை இறுக்கி அழுத்தப் பழகிவிடுகிறார். பேடு படியத் தொடங்கியதும் அதே அழுத்தத்துக்குச் சக்கரம் திடீரெனப் பூட்டிக்கொள்ளக்கூடும். மணல் படிந்த சாலையில் இதனால் விழுந்தவர்கள் உண்டு. முன் பிரேக்கைப் படியவைக்கும்போது ஒவ்வொரு முறையும் அழுத்தத்தை மெல்லக் கூட்டிப் பார்ப்பது இதற்காகவே. சங்கிலிக்கு அடித்த எண்ணெய் பின் டிஸ்க்கில் தெறிக்காமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேரும்.

டிரம் பிரேக்கில் புதிய லைனரின் வளைவும் தேய்ந்த டிரம்மின் வளைவும் ஒன்றாக இருப்பதில்லை. நடுப்பகுதி மட்டுமோ இரு முனைகள் மட்டுமோ தொடும். இங்கே படலம் ஒட்டுவதைவிட, லைனர் தேய்ந்து வளைவுக்கு வருவதே முக்கியம். அதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும். மூடிய டிரம்முக்குள் வெப்பம் எளிதில் வெளியேறாது என்பதால் இடைவெளியும் அதிகம் விட வேண்டும். லைனர் அமர்ந்ததும் இடைவெளி கூடிப் பெடல் தாழ்ந்திருக்கும். தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு இல்லாத வண்டிகளில், இரண்டு வாரம் கழித்து மீண்டும் பட்டறைக்குப் போய் ஒருமுறை இறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.